அடைப்பைத் தொடாத மாத்திரை

இதய நோயாளி உள்ள வீடுகளில் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கும் அந்தச் சின்ன மாத்திரை இதயத்துக்குப் போய், அங்கே இருக்கும் அடைப்பைக் கரைத்துவிடும் என்பார்கள். மாத்திரை வைத்த மூன்றாவது நிமிடம் வலி விட்டுவிடுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் அந்த அடைப்பு பல ஆண்டுகளாகக் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் தழும்புத் திசுவும் சேர்ந்து இறுகியது. மாத்திரை வைப்பதற்கு முன் எப்படி இருந்ததோ, வலி நின்ற பிறகும் அது அப்படியேதான் இருக்கிறது. பிறகு வலி ஏன் நிற்கிறது? மாத்திரை முதன்மையாக வேலை பார்க்கும் இடம் இதயமே அல்ல. கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் சிரைகள்தான், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள்தான், அதன் முக்கியக் களம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊர் வீடுகளில் நாக்கடி மாத்திரை என்றால் பெரும்பாலும் சார்பிட்ரேட்தான். அதில் இருப்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட். அதற்கு மூத்தது நைட்ரோகிளிசரின். இரண்டும் நைட்ரேட் என்ற ஒரே குடும்பம், உடலில் செய்யும் வேலையும் ஒன்றே. நைட்ரோகிளிசரின் கொஞ்சம் வேகமாகப் பிடித்துச் சீக்கிரம் விட்டுவிடும்; சார்பிட்ரேட் சற்று மெதுவாகத் தொடங்கி அதிக நேரம் நிற்கும். டைனமைட்டில் இருந்த வெடிபொருளும் இதே நைட்ரோகிளிசரின்தான். சந்தேகமே வேண்டாம், அதே மூலக்கூறுதான். ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம் அளவுக்கு, பாலில் இருந்து எடுக்கும் லாக்டோஸ் போன்ற மாவில் கலந்து வைத்திருப்பதால் அது வெடிக்காது.

அறுபது தாண்டிய ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். இதயத்தின் முன்புறத் தமனியில் அவருக்கு முக்கால் பங்கு அடைப்பு. வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுவிட்டுக் காய்கறிப் பையோடு மேட்டுத் தெருவில் ஏறினால் பாதியில் நெஞ்சின் நடுவே யாரோ காலை வைத்து அழுத்துவது போல இருக்கும், இடது கை கனக்கும், தாடை வரை ஏறும். நின்றால் குறையும். இதுதான் ஆஞ்சைனா.

மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு நெருக்கடி இதயத் தசைக்கு உண்டு. உடம்பின் பிற பகுதிகள் தங்களிடம் வரும் ரத்தத்திலிருந்து சராசரியாகக் கால் பங்கு ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கூடுதல் தேவை வந்தால் மிச்சத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இதயமோ சும்மா இருக்கும்போதே சுமார் எழுபது சதவீதத்தை எடுத்துவிடுகிறது. ஆகவே வேலை கூடினால் அதற்கு இருக்கும் ஒரே வழி, அதிக ரத்தம் வர வேண்டும். அடைப்பு அதைத் தடுக்கிறது. மேடு ஏறும்போது தேவை ஒருபுறம் ஏற, வரத்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அந்த இடைவெளிதான் வலி. அதை மூட இரண்டு வழிகள் இருக்கின்றன: வரத்தைக் கூட்டலாம் அல்லது தேவையைக் குறைக்கலாம். நம் மாத்திரை பெரும்பாலும் இரண்டாவதைச் செய்கிறது.

அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்கிறார். மனைவி மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்து வருகிறார். அந்தத் தண்ணீரை அவர் குடித்து மாத்திரையை விழுங்கிவிட்டால் கதை கெட்டது. விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, குடலின் ரத்தமெல்லாம் போய்ச் சேரும் கல்லீரலுக்குள் முதலில் நுழைய வேண்டும். கல்லீரல் நைட்ரோகிளிசரினை முதல் சுற்றிலேயே ஏறக்குறைய முழுவதும் சிதைத்துவிடும். நாக்கின் அடிப்புறம் இதற்கு ஒரு குறுக்குவழி. அங்கே தோல் மிக மெல்லியது. கண்ணாடியில் நாக்கைத் தூக்கிப் பார்த்தால் நீல நிறத்தில் சிரைகள் தெரியும். அந்த ரத்தம் கழுத்துச் சிரை வழியாக நேரே இதயத்தின் வலப்பக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து நுரையீரல், பிறகு இடப்பக்கம், பிறகு உடம்பு முழுக்க. கல்லீரல் பிடிப்பதற்குள் மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வாய் வறண்டிருந்தால் ஒரு மிடறு தண்ணீரால் நனைத்துவிட்டு, அதற்குப் பிறகு மாத்திரையை வைக்கலாம். வைத்த பின் கரையும்வரை எச்சிலையும் விழுங்காமல் இருப்பது நல்லது.

ரத்தக் குழாயின் சுவரில் வளையம் வளையமாக மிருதுவான தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கும், தளர்ந்தால் விரியும். நைட்ரோகிளிசரின் அந்தத் தசைச் செல்லுக்குள் போனதும், மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கிறது. குடித்த சாராயத்தைச் செரிக்க உதவும் அதே ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ்தான் அது. இந்த நொதியின் பங்கை 2002இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஸ்டாம்லரின் குழு காட்டியது. சீனா, ஜப்பான், கொரியா மக்களில் கணிசமானோருக்கு இந்த நொதி பிறவியிலேயே மந்தம். கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்துவிடும் அவர்களுக்கு நைட்ரோகிளிசரினும் சரியாக எடுபடாமல் போவதுண்டு.

உடைந்ததில் இருந்து கிளம்புவது நைட்ரிக் ஆக்சைடு. ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். பல் மருத்துவர் வைத்திருக்கும் சிரிப்பூட்டும் வாயு வேறு, இது வேறு. நைட்ரிக் ஆக்சைடு சில வினாடிகளே தாக்குப்பிடிக்கும். ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் அதை விழுங்கிவிடும். அதனால்தான் அதை வெளியே தயாரித்து மாத்திரையாகக் கொடுக்க முடியாது, தேவைப்படும் செல்லுக்குள்ளேயே உண்டாக வேண்டும். அங்கே அது குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியை எழுப்பிவிடுகிறது. அந்த நொதி சைக்ளிக் ஜிஎம்பி என்ற சிறு தூதுப் பொருளை அள்ளித் தயாரிக்கிறது. தூது கிடைத்ததும் செல்லுக்குள் கால்சியம் குறைகிறது. கால்சியம் இல்லாமல் தசை இறுகி நிற்க முடியாது, தளர்ந்துவிடுகிறது.

இந்தப் பாதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 1980இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை இட்டால் சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவில்லை. தளராதவற்றில், துண்டை எடுத்துத் தயார்செய்யும்போது உள்தோல் தேய்ந்து போயிருந்தது. அப்படியானால் உள்தோல் ஏதோ ஒன்றைச் சுரந்து தசைக்கு அனுப்புகிறது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடுதான் என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடை விடுவித்தே வேலை செய்கிறது என்று ஃபெரிட் முராட் 1977இலேயே காட்டியிருந்தார். இந்த இருவரும் லூயிஸ் இக்னாரோவும் 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நோயாளிக்கு இதில் என்ன இருக்கிறது? கொழுப்புப் படிந்து நோயுற்ற குழாயின் உள்தோல் போதுமான நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதில்லை. மாத்திரை அந்தப் பழுதான உள்தோலை நம்பியிருக்கவில்லை. அதைத் தாண்டித் தசைக்கு நேரே சரக்கைக் கொடுத்துவிடுகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். குறைந்த அளவில் நைட்ரோகிளிசரின் தமனிகளைவிடச் சிரைகளைத்தான் அதிகம் தளர்த்துகிறது. நம் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில்தான் கிடக்கிறது. அவை கொஞ்சம் விரிந்தாலே கால்களிலும் வயிற்றிலும் கூடுதல் ரத்தம் தங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் இடக் கீழறை முன்பைவிடக் குறைவாக நிரம்பும், அதனால் அளவில் சிறுத்திருக்கும். சிறுத்தால் என்ன லாபம்? உள்ளங்கைக்குள் அடங்கும் எலுமிச்சம்பழத்தைப் பிழிவதும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பம்பளிமாஸைப் பிழிவதும் ஒன்றா? அறை பெரிதாக இருந்தால் அதே அழுத்தத்தை உண்டாக்கச் சுவர்த் தசை அதிகம் இழுபட வேண்டும், அதற்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். சிறுத்த இதயம் அதே வேலையைக் குறைந்த செலவில் முடிக்கிறது. கூடவே இன்னொரு நன்மை. இதயத் தசைக்கு ரத்தம் பாய்வது பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான். அறைக்குள் அழுத்தம் குறைந்தால், நெருக்கப்பட்டுக் கிடக்கும் உட்புறத் தசைக்கு, ஆஞ்சைனாவில் முதலில் தவிக்கும் அந்தப் பகுதிக்கு, ரத்தம் எளிதாக இறங்குகிறது.

இது வெறும் ஊகமல்ல. இதயத்துக்குள் அழுத்தம் பார்க்கப் பயன்படும் ஸ்வான்-கான்ஸ் குழாயை உருவாக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் கான்ஸும் அவருடைய சக மருத்துவர் ஹரோல்ட் மார்க்கஸும் 1972இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இதயத் தமனி அடைப்பு உள்ள நோயாளிகளுக்கு மின்தூண்டல் மூலம் இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து ஆஞ்சைனாவை வரவழைத்தார்கள். பிறகு நைட்ரோகிளிசரினை நேராக இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தினார்கள். மருந்து அடைப்பைத் திறந்து வலியைப் போக்குவது என்றால் இதைவிடச் சிறந்த வழி ஏது? வலி போகவில்லை. அதே மருந்தைக் கையிலுள்ள சிரை வழியாகக் கொடுத்து உடம்பு முழுக்கச் சுற்ற விட்டபோது வலி நின்றது. தமனியை விரிப்பதால் அல்ல, உடம்பின் மற்ற பகுதிகளில் நடப்பதால்தான் நிவாரணம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

இதற்காக மருந்துக்கு இதயத் தமனியில் வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெரிய இதயத் தமனிகளையும் பக்கக் கிளைகளையும் அது ஓரளவு விரிக்கும். அடைப்பு சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் எதிர்ப்பக்கத் தசை தளர்ந்து கொஞ்சம் இடம் விடும். சிலருக்கு அடைப்பே இருக்காது, தமனி திடீரென்று இறுகுவதால் ஓய்வில், பெரும்பாலும் விடியற்காலையில், வலி வரும். அவர்களுக்கு மாத்திரை நேரடியாக அந்த இறுக்கத்தை அவிழ்க்கிறது. ஆனால் மேடு ஏறும்போது வலி வரும் நம் திண்ணைக்காரருக்குப் பெரும் உதவி கிடைப்பது சிரைகளிலிருந்துதான்.

அவருக்கு இப்போது என்ன நடக்கிறது? ஒன்றிரண்டு நிமிடத்தில் முகம் சூடாகிறது, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது. மூளையைச் சுற்றியுள்ள குழாய்களும் விரிவதால் வரும் தலைவலி இது. மூன்றாம் நிமிட வாக்கில் நெஞ்சு அழுத்தம் இளகத் தொடங்குகிறது, ஐந்தாம் நிமிடத்தில் போயிருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில் விளைவு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குள் அவர் ஓய்வில் இருப்பதால் வலி திரும்புவதில்லை.

அந்தத் தலைவலிக்கு ஒரு வரலாறு உண்டு. 1847இல் டூரினில் நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்த அஸ்கானியோ சொப்ரேரோ அதைத் துளி சுவைத்துப் பார்த்துக் கடும் தலைவலியைப் பதிவு செய்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையின் இளம் மருத்துவர் வில்லியம் முரல், அது நாடியைப் பாதிக்குமா பாதிக்காதா என்று முன்னோர் போட்டிருந்த சண்டையைத் தீர்க்கத் தன் உடம்பிலேயே சோதித்தார். புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையில் இருந்த ஒரு சதவீதக் கரைசலின் ஞாபகம் வந்தது. நனைந்த தக்கையை நாக்கில் வைத்தார். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் உடம்பே அதிர, கையிலிருந்த பேனா துள்ளியது. அன்றைக்கு ஆஞ்சைனாவுக்குப் பயன்பட்ட அமில் நைட்ரைட் நாடியில் உண்டாக்கும் மாற்றத்தோடு இது ஒத்துப்போவதைக் கருவியில் வரைந்து பார்த்தார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து 1879இல் லான்செட் இதழில் எழுதினார். இன்றைய மாத்திரையின் பிறப்பு அது. இந்த வெடிமருந்தில் பணம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் இதை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரரும் மக்களும் பயப்படாதிருக்க அதை டிரைநைட்ரின் என்று அழைப்பதை அவரே கடிதத்தில் கிண்டலாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

டைனமைட் ஆலைத் தொழிலாளர்களிடம் இன்னொரு பாடம் கிடைத்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மண்டையைப் பிளக்கும் வலி. இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். ஞாயிறு ஓய்வு எடுத்தால் மறுபடி திங்கள் வலி. பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத் தொப்பிப் பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. தலைவலி மட்டுமில்லை. மருந்துக்குப் பழகிய குழாய்கள் ஓய்வு நாளில் அது கிடைக்காமல் எதிர்த்து இறுகியதால், சிலருக்கு அடைப்பே இல்லாமல் நெஞ்சுவலியும் மரணமும் நேர்ந்தன. தொடர்ந்து கொடுத்தால் நைட்ரேட் வலுவிழந்துவிடும் என்பது இதன் சாரம். மருந்தை உடைக்கும் நொதி, உடைக்க உடைக்கத் தானே முடங்கிப்போவது அதற்கு ஒரு காரணம். தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டையை இரவில் கழற்றச் சொல்வதும், நீண்ட நேரம் நிற்கும் நைட்ரேட் மாத்திரைகளைப் பகலோடு நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உடம்பு நைட்ரேட் இல்லாமல் இருக்க வேண்டும். அவ்வப்போது நாக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

சிரைகளில்தான் வேலை என்று புரிந்துவிட்டால் எச்சரிக்கைகள் தாமாகவே விளங்கும். நின்றுகொண்டே மாத்திரை வைத்தால் ரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குப் போதாமல் மயங்கி விழலாம். அதனால் உட்கார வேண்டும். தலை சுற்றினால் படுத்துக் காலை உயர்த்தினால் தேங்கிய ரத்தம் திரும்பிவிடும். மேல் ரத்த அழுத்தம் ஏற்கெனவே 90க்குக் கீழே இருந்தால் வைக்கக் கூடாது. வலக் கீழறையைப் பாதிக்கும் மாரடைப்பில் இதயம் திரும்பி வரும் ரத்தத்தை நம்பியே ஓடிக்கொண்டிருக்கும். அதைக் குறைத்தால் அழுத்தம் தடாலென்று சரியும். மருத்துவமனையில் ஈசிஜியைப் பார்க்காமல் சிலருக்கு இதைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகள் இதே பாதையின் மறுமுனையைப் பிடிப்பவை. செல்லுக்குள் உண்டாகும் சைக்ளிக் ஜிஎம்பியை அழிக்கும் நொதியை அவை முடக்குகின்றன. நைட்ரேட் அதை அள்ளித் தயாரிக்க, இவை அது அழியாமல் காக்க, ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கூடாது. சங்கோஜப்பட்டு இதை மருத்துவரிடம் மறைப்பவர்கள் நம்மிடையே நிறைய. நெஞ்சுவலியோடு வரும் ஆணிடம் இதை நேராகக் கேட்டுவிடுவதே முறை.

ஐந்து நிமிடக் கணக்கும் இதிலிருந்தே வருகிறது. உட்கார்ந்து, ஒரு மாத்திரை வைத்து, ஐந்து நிமிடத்தில் வலி குறையவே இல்லை அல்லது கூடுகிறது என்றால் 108ஐ அழைத்துவிட வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று வரை வைக்கலாம், ஆனால் அழைப்பு முதல் மாத்திரைக்குப் பிறகே போயிருக்க வேண்டும். ஏனென்றால் மேடு ஏறும்போது வரும் ஆஞ்சைனாவில் குறை தேவைக்கும் வரத்துக்கும் இடையில்தான்; சுமையைக் குறைத்தால் சரியாகும். மாரடைப்பில் அடைப்பின் மேல்தோல் கிழிந்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயே மூடிக்கொண்டிருக்கும். அந்த உறைகட்டியைக் கரைக்கும் சக்தி இந்த மாத்திரைக்கு இல்லை. சுமையைக் குறைத்து எவ்வளவு பயன், வரத்தே இல்லாதபோது?

மாத்திரை பிடிக்காமல் போவதற்கு அற்பக் காரணமும் இருக்கலாம். நைட்ரோகிளிசரின் ஆவியாகும் பொருள். பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை டப்பாவில் மற்ற மாத்திரைகளோடு கொட்டி வைத்தாலோ, சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் நாள்கணக்கில் சுமந்தாலோ உள்ளே மாவு மட்டும் மிஞ்சும். கடையில் கொடுத்த கண்ணாடிப் புட்டியிலேயே இறுக மூடி வைக்க வேண்டும். மூடியைத் திறந்த தேதியைப் புட்டியில் எழுதிவைப்பது நல்லது. ஆறு மாதத்தில் மாற்றிவிடுவது பழைய பழக்கம், அதைத் தொடர்வதில் நஷ்டமில்லை. சார்பிட்ரேட் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன், அவ்வளவு சீக்கிரம் கெடாது.

மாத்திரைக்கு வலி நின்றால் இதய வலி, நிற்காவிட்டால் வாயுப் பிடிப்பு என்று முடிவு கட்டுபவர்களும் உண்டு. 2003இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக் குழு, நெஞ்சுவலியோடு வந்து நைட்ரோகிளிசரின் பெற்ற 459 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தது. இதயத் தமனி நோய் தீவிரமாக இருந்தவர்களில் 35 சதவீதத்தினருக்கு மாத்திரையால் வலி நின்றது. அந்த நோய் இல்லாதவர்களில் 41 சதவீதத்தினருக்கு நின்றது. உணவுக்குழாயின் சுவரிலும் அதே மிருதுத் தசைதான், அதன் பிடிப்பையும் நைட்ரிக் ஆக்சைடு தளர்த்திவிடும். ஆகவே முதல்முறையாக இப்படி வலி வந்தவர், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வைத்துச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குள் போய்ப் படுத்துவிடக் கூடாது. அன்றைக்கே ஈசிஜி எடுத்தாக வேண்டும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும்.